செய்தியை அழித்தால் சொன்ன விலையும் அழிந்துவிடுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். அப்பா நடத்திய கூடார வாடகைத் தொழிலை எங்களால் தொடர முடியவில்லை. 12 கெனோப்பி, 40 மேசை, 300 நாற்காலி அனைத்தையும் சேர்த்து விற்க நினைத்து, கோலகங்சாரில் இதே தொழில் செய்யும் ஓர் அண்ணனிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். திங்கள் இரவு, “மொத்தம் 18,000 வெள்ளி, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்க” என்று போட்டேன். அவர், “15,500 தர்றேன், லோரி வாடகை உங்க பொறுப்பு” என்றார். செவ்வாய்க்கிழமை நான், “17,000. லோரி நீங்க கொண்டு வாங்க” என்றேன். “ரெண்டு தடவையா பணம் தந்தா பரவாயில்லையா தம்பி?” என்று கேட்டார். நான் பதில் போடவில்லை. புதன் இரவு ஈப்போவிலிருந்து ஒருவர் 18,500 தருவதாகவும் மறுநாள் உறுதியாகச் சொல்வதாகவும் சொன்னார். உடனே நான் அண்ணனுக்குப் போட்ட 17,000 செய்தியை இரு பக்கமும் அழித்துவிட்டேன். வியாழன் காலை 7.10-க்கு அண்ணன், “சரி தம்பி, 17,000. மொத்தமா தர்றேன். சனிக்கிழமை லோரியோட வர்றேன்” என்று அனுப்பியிருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து தூங்கியதால் 10 மணிக்குத்தான் பார்த்தேன். பதில் சொல்லவில்லை. 11 மணிக்கு ஈப்போக்காரருக்குச் சரி என்றேன். அவர் 1,000 வெள்ளி முன்பணம் போட்டார். சனிக்கிழமை அண்ணன் லோரியோடு வந்தார், திருப்பி அனுப்பிவிட்டேன். லோரிக்கு 200 கொடுத்ததாகவும், ஒரு கல்யாண வேலை கைவிட்டுப் போனதாகவும் சொல்லி 5,000 நஷ்டஈடு கேட்கிறார். அழிப்பதற்கு முன்பே செய்தியைப் படம் எடுத்து வைத்திருக்கிறாராம். பொருள் இன்னும் எங்கள் கொட்டகையில்தான் இருக்கிறது. கையெழுத்து இல்லை, அவரிடம் ஒரு காசு வாங்கவில்லை. இதெல்லாம் ஒப்பந்தம் ஆகுமா?

பதில்: ஆகும், தம்பி. என் கணிப்பில் வியாழன் காலை 7.10-க்கே ஒப்பந்தம் பிறந்துவிட்டது. சட்டம் அந்த அண்ணன் பக்கம் நிற்கிறது. ஆனால் அவர் கேட்கும் 5,000 வெள்ளிக்கு அவரிடம் அவ்வளவு ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் கையெழுத்தையும் முன்பணத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நம் ஊரில் பலர் நம்பியிருப்பது இந்த இரண்டையும்தான். நம் நாட்டின் 1950 ஒப்பந்தச் சட்டம் நாற்காலி மேசை விற்பதற்குக் கையெழுத்துக் கேட்கவில்லை. ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் அதை ஏற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஏதாவது ஒன்றுக்கு ஈடாக ஒன்று இருக்க வேண்டும். அந்த ஈடு பணமாகவே உடனே கைமாற வேண்டும் என்பதில்லை. அவர் 17,000 தருகிறேன் என்று சொன்ன வாக்கும், நீங்கள் பொருளைத் தருகிறேன் என்று சொன்ன வாக்கும் ஒன்றுக்கொன்று ஈடு. முன்பணம் பேச்சு உறுதியானது என்பதற்கு நல்ல அத்தாட்சி; ஒப்பந்தம் பிறப்பதற்கு அது தேவையில்லை. வாட்ஸ்அப் என்பதாலும் தப்பிக்க முடியாது. 2006 மின்னணு வணிகச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, முன்மொழிவு, ஏற்பு, அவற்றைத் திரும்பப் பெறுவது எல்லாவற்றையும் மின்னணுச் செய்தியிலேயே செய்யலாம் என்கிறது. செய்தியில் முடிந்த காரணத்துக்காகவே ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்றும் சொல்கிறது. வீடு, நிலம் என்றால் கதை வேறு. அங்கே வக்கீல் எழுதும் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான் கட்டுப்படுவோம் என்ற எண்ணம் இரு பக்கமும் இருப்பது வழக்கம். கெனோப்பிக்கு அப்படி யாரும் நினைப்பதில்லை.

கனடாவின் சஸ்காட்செவான் மாநிலத்தில் ஒரு விவசாயி, ஆளிவிதை வாங்குபவர் படமாக அனுப்பிய ஒப்பந்தத்துக்குக் கைப்பேசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் குறியை மட்டும் பதிலாகப் போட்டார். விளைச்சலைக் கொடுக்கவில்லை. “பார்த்தேன் என்பதற்காகத்தான் போட்டேன்” என்று அவர் வாதாடியும், 2023-ல் நீதிமன்றம் அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 82,000 கனடா டாலர் கட்டச் சொன்னது. 2024-ல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. அதற்குமுன் அதே இருவரும் “ஓகே”, “ஆமாம்” போன்ற ஒற்றைச் சொல் பதில்களிலேயே பலமுறை வியாபாரம் முடித்திருந்தார்கள். அதுதான் அவருக்கு எதிராகப் போனது. அந்தத் தீர்ப்பு மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நீதிபதிகள் எதைப் பார்ப்பார்கள் என்பதற்கு நல்ல உதாரணம்: குறி என்ன வடிவம் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை, அதைப் பெற்றவர் நியாயமாக என்ன புரிந்துகொள்வார் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்த மாதிரி வழக்குகளில் நான் முதலில் செய்யும் வேலை இதுதான். ஒவ்வொரு செய்திக்குப் பின்னும், “இந்த நிமிடத்தில் மேசைமேல் உயிரோடு இருக்கும் விலை எது?” என்று கேட்டுக்கொள்வேன். ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு விலைதான் உயிரோடு இருக்கும்.

திங்கள் இரவு உங்கள் 18,000 உயிரோடு இருந்தது. அண்ணன் 15,500 என்று கேட்டதும், லோரி வாடகையை உங்கள் தலையில் வைத்ததும், அந்த 18,000 செத்துவிட்டது. ஏற்பு என்றால் சொன்னதை அப்படியே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் ஏற்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. மாற்றிச் சொன்னால் அது ஏற்பு ஆகாது. பழைய விலையைத் தள்ளிவிட்டுப் புது விலை வைத்ததாகிறது. இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பண்ணை விற்பனையில் இது தீர்ப்பானது. விற்பவர் 1,000 பவுன் என்றார், வாங்குபவர் 950 என்றார், விற்பவர் மறுத்தார். உடனே வாங்குபவர், “சரி, 1,000-க்கே எடுத்துக்கொள்கிறேன்” என்றார். நீதிமன்றம் ஒப்பந்தம் இல்லை என்றது, ஏனென்றால் 950 கேட்டபோதே அந்த 1,000 போய்விட்டது. அதே கணக்கில், அண்ணன் புதன்கிழமை திடீரென்று “18,000-க்கே சரி” என்று சொல்லியிருந்தாலும் உங்களைக் கட்டிப்போட்டிருக்க முடியாது. நீங்கள் வைத்த வெள்ளிக்கிழமைக் கெடுவும் அந்த 18,000-ஓடு சேர்ந்து போய்விட்டது. கெடு வைப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: வெள்ளிக்கிழமை வரை என்றால், அதற்குப் பிறகு அந்த விலை தானாகக் காலாவதியாகும் என்று பொருள். அதுவரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. காத்திருப்பதற்கென்று அவர் தனியாக ஏதாவது கொடுத்திருந்தால்தான் அப்படி.

செவ்வாய்க்கிழமை நீங்கள் 17,000 என்றபோது அவருடைய 15,500 செத்து, உங்கள் 17,000 பிறந்தது. அதற்குப் பிறகு வந்த செய்திதான் உங்கள் வழக்கின் முடிச்சு: “ரெண்டு தடவையா பணம் தந்தா பரவாயில்லையா தம்பி?” உங்களுக்காக ஒரு வக்கீல் வாதாடினால் முதலில் பிடிப்பது இதைத்தான். இது இன்னொரு எதிர்விலை என்றால், உங்கள் 17,000-மும் செத்துவிட்டது. வியாழன் காலை அவர் ஏற்க எதுவும் மிச்சமில்லை.

நான் அப்படிப் படிக்கவில்லை. “ரெண்டு தடவையாத்தான் தருவேன்” என்று அவர் சொல்லியிருந்தால் அது எதிர்விலை. அவர் கேட்டது, உங்களுக்கு அதில் ஆட்சேபம் உண்டா என்று. நிபந்தனை வைப்பது வேறு, விசாரிப்பது வேறு. இதற்கும் பழைய வழக்கு உண்டு. 1880-ல் இங்கிலாந்தில் இரும்பு வாங்க வந்தவர், சரக்கை இரண்டு மாதத்துக்குள் எடுத்துக்கொள்வதானால் அதே விலைக்குச் சம்மதமா, இல்லையென்றால் எவ்வளவு நாள் தருவீர்கள் என்று தந்தியில் கேட்டார். விற்பவர் பதில் சொல்லாமல் வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். அது வெறும் விசாரிப்பு, விலையைத் தள்ளிவிட்டதாகாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. உங்கள் கதைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். நம் தமிழில் இந்த வித்தியாசம் வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். “தர்றேன்” என்று முடிந்தால் ஒன்று, “தந்தா பரவாயில்லையா” என்று முடிந்தால் இன்னொன்று. ஆகவே இத்தகைய வழக்குக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால், மலாயில் அந்தக் கேள்விக்குறி தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

வியாழன் காலைச் செய்தியில் சனிக்கிழமை என்று ஒரு புதிய நாள் சேர்ந்திருக்கிறதே, அது மாற்றம் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் பொருளை எடுக்க நாள் எதுவும் குறிக்கவில்லை. நாள் குறிக்காதபோது நியாயமான நேரத்துக்குள் எடுக்கலாம், இரண்டு நாள் கழித்து வருவது நியாயமான நேரம்தான். எனவே அது நிபந்தனை இல்லை, தகவல். பணம் முழுதாக, லோரி அவருடையது, விலை 17,000. நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றிருக்கிறார்.

இப்போது நீங்கள் அழித்த செய்திக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அழித்துவிட்டால் சொன்னதும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்து என்னிடம் வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

சொன்ன விலையைத் திரும்பப் பெற உங்களுக்கு முழு உரிமை இருந்தது. செவ்வாய் இரவு, புதன்கிழமை, வியாழன் காலை 7.09 வரைக்கும்கூட. ஆனால் 6-ஆவது பிரிவு, திரும்பப் பெறுவதாக முன்மொழிந்தவர் மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 4-ஆவது பிரிவின்படி, அது அவர் அறிவுக்கு வந்த பிறகுதான் அவரைப் பொறுத்தவரை நடப்புக்கு வரும். மனத்துக்குள் முடிவெடுத்தால் போதாது. ஈப்போக்காரரிடம் பேசினாலும் போதாது. அண்ணனுக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் அழித்தபோது அவர் திரையில் என்ன தெரிந்திருக்கும்? ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும். அந்த விலையை அவர் செவ்வாய்க்கிழமையே படித்துவிட்டார். படித்ததால்தான் தவணை கேட்டார். படித்த விலை அவர் மனத்தில் இருக்கிறது, படமும் அவர் கைப்பேசியில் இருக்கிறது. உங்கள் பக்கம் ஒரு வாதம் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். 3-ஆவது பிரிவு, தெரிவிப்பது சொல்லால் மட்டும் நடப்பதில்லை, தெரிவிக்கும் நோக்கத்தோடு செய்த செயலாலும், தெரிவிக்கும் விளைவு உள்ள செயலாலும் நடக்கும் என்கிறது. விலை எழுதிய செய்தியை ஒருவர் அழித்தால், அந்த விலை இனி இல்லை என்று எதிரில் இருப்பவர் புரிந்துகொள்ள வேண்டாமா என்று வாதாடலாம்.

ஆனால் அந்த வாதம் பலவீனமானது. மக்கள் எழுத்துப் பிழைக்காக அழிக்கிறார்கள், வேறு ஆளுக்குப் போக வேண்டியதை மாற்றி அனுப்பிவிட்டு அழிக்கிறார்கள், வீட்டில் பிள்ளைகள் கை பட்டும் அழிகிறது. அழித்ததை ஒருவர் பத்து விதமாகப் புரிந்துகொள்ளலாம் என்றால், அது ஒன்றையும் தெளிவாகத் தெரிவிக்கவில்லை. அதோடு, அழித்த பிறகும் அண்ணன் “17,000” என்று எண்ணைச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார். விலை இன்னும் இருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார் என்பதற்கு அவர் செய்தியே சாட்சி. நீங்கள் 10 மணிக்கு அதைப் படித்துவிட்டு, “அண்ணே, அந்த விலையை நேத்தே எடுத்துட்டேனே” என்று உடனே மறுக்காமல் மௌனமாக இருந்ததும் உங்களுக்கு உதவாது.

புதன் இரவு நீங்கள் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும்: “அண்ணே, 17,000-க்குத் தர்றேன்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன். வேற ஆளு விலை கேட்டிருக்காங்க. உங்களுக்கு வேணும்னா புது விலை சொல்லுங்க.” அதை அவர் அன்று இரவே பார்த்திருந்தால், நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அவரும் 18,600 என்று கூடக் கேட்டிருப்பார், யார் கண்டது.

நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும், தூங்கிக்கொண்டிருந்ததாக எழுதியதில் அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. நான் பார்க்காத செய்தி என்னைக் கட்டுமா? 4-ஆவது பிரிவின் வாசகம், ஏற்பைத் திரும்ப எடுக்க முடியாதபடி அனுப்பிவிட்டாலே விலை சொன்னவர் கட்டுப்படுவார் என்கிறது. இந்த வாசகம் தபால் காலத்தது. நம் நாட்டிலேயே நடந்த ஒரு வழக்கு இதற்கு எங்கள் பாடத்தில் வரும். ஒரு நிலத்தை 1912 ஆகஸ்ட் 20-க்குள் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் இன்னொருவருக்கு வாய்ப்புக் கொடுத்திருந்தார். வாங்குபவர் 16-ஆம் தேதியே பதிவுத் தபாலில் சம்மதம் அனுப்பினார். விற்பவர் ஊரில் இல்லாததால் கடிதம் 25-ஆம் தேதி வரை தபால் நிலையத்திலேயே கிடந்தது. 1913-ல் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம், தபாலில் போட்ட அன்றே ஏற்பு முடிந்தது, கெடு தாண்டவில்லை என்றது.

தொலைபேசி, டெலெக்ஸ் போல உடனே போய்ச் சேரும் வழிகளில், போய்ச் சேர்ந்தால்தான் ஏற்பு என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வாட்ஸ்அப் தபாலா தொலைபேசியா என்று வக்கீல்கள் இரு பக்கமும் நின்று வாதாடலாம். உங்களுக்கு அந்தச் சண்டை தேவையில்லை. ஒற்றைக் குறி விழுந்த நேரத்தை எடுத்தாலும், செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்த இரட்டைக் குறியை எடுத்தாலும், நீங்கள் திறந்து பார்த்த 10 மணியை எடுத்தாலும், அதற்குள் நீங்கள் விலையைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவிக்கவே இல்லை. ஈப்போக்காரருக்குச் சரி சொன்னது 11 மணிக்கு. எந்தக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தாலும் கோலகங்சார் முந்திவிட்டது. அண்ணன் தன் செய்தியை அழுத்திப் பிடித்து Info திறந்தால், அது எப்போது வந்தது, நீங்கள் நீலக் குறியை அணைத்து வைக்கவில்லையென்றால் எப்போது படித்தீர்கள் என்பதும் நிமிடக் கணக்கில் அவருக்குத் தெரியும். பார்க்கவே இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இனி பணத்தைப் பேசுவோம். ஒப்பந்தத்தை முறித்தவர் எவ்வளவு தர வேண்டும் என்பது 74-ஆவது பிரிவு. அந்த முறிவால் இயல்பாக ஏற்படும் நஷ்டம், அல்லது ஒப்பந்தம் செய்யும்போதே இது நடந்தால் இந்த நஷ்டம் வரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டம், இவ்வளவுதான். தூரத்து நஷ்டங்கள் சேராது. தண்டனையாகவும் எதுவும் சேராது.

இயல்பான நஷ்டம் என்பது, அதே போன்ற பொருளை அவர் வெளியில் வாங்க எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்பது. ஈப்போக்காரர் 18,500 தரச் சம்மதித்திருப்பதால் அதைச் சந்தை விலையாக வைத்துக்கொள்வோம். 17,000-க்குக் கிடைக்க வேண்டியது 18,500 ஆனால் வித்தியாசம் 1,500. சனிக்கிழமை லோரிக்குக் கொடுத்த 200-ஐயும் சேர்க்கலாம், அது உங்கள் பேச்சை நம்பிச் செய்த செலவு. மொத்தம் 1,700. கல்யாண வேலை கைவிட்டுப் போனதைச் சேர்ப்பது கடினம். அவர் வாடகைத் தொழில் செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரு கல்யாணம் இந்தப் பொருளை நம்பி இருக்கிறது என்று அவர் எந்தச் செய்தியிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், பக்கத்தில் இன்னொருவரிடம் வாடகைக்கு எடுத்து அந்த வேலையை முடித்திருக்கலாமே என்று நீதிபதி கேட்பார். நஷ்டத்தைக் குறைக்க முடிந்ததைச் செய்யாமல் விட்டால், அந்தப் பங்கை உங்களிடம் வாங்க முடியாது.

இந்தக் கணக்கை உங்கள் பக்கமிருந்தும் போட்டுப் பாருங்கள். ஈப்போக்காரருக்குக் கொடுத்தால் 18,500 வரும், அதில் அண்ணனுக்கு 1,700 போகும், மிச்சம் 16,800. அண்ணனுக்கே கொடுத்திருந்தால் 17,000. புதன் இரவு கூடக் கிடைக்கும் என்று நினைத்த 1,500 இப்போது 200 வெள்ளி நஷ்டமாக நிற்கிறது. வழக்குப் போனால் நீதிமன்றச் செலவு தனி. இந்தத் தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போடலாம், அதன் எல்லை 100,000 வெள்ளி வரை. அவர் உடனே போடவில்லை என்பதால் நிம்மதியாகவும் இருக்க முடியாது. முறித்த நாளிலிருந்து 6 ஆண்டு அவருக்கு நேரம் இருக்கிறது.

ஈப்போக்காரருடனும் உங்களுக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது என்பதை மறக்கக் கூடாது. ஒரே பொருளை இருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் ஒன்றை முறித்தே ஆக வேண்டும். எதை முறித்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். ஈப்போக்காரர் சந்தை விலைக்கே வாங்குகிறார், அவருக்கு வேறு இடத்திலும் அதே விலைக்குக் கிடைக்கும் என்றால் அவர் நஷ்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. முன்பணம் 1,000-ஐத் திருப்பித் தர வேண்டும், அவர் ஏதாவது செலவு செய்திருந்தால் அதையும். ஆகவே முதலில் வாக்குக் கொடுத்த இடத்திலேயே பொருளைக் கொடுப்பது நியாயமும்கூட, செலவும் குறைவு. கொட்டகையிலிருந்து ஒரு நாற்காலியையும் இப்போது ஈப்போவுக்கு ஏற்ற வேண்டாம். ஏற்றிவிட்டால் இந்த வழி அடைபடும்.

ஆனால் அண்ணன் இப்போது பொருளை வாங்கத்தான் வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்த முடியாது. சனிக்கிழமை நீங்கள் திருப்பி அனுப்பியதே ஒப்பந்தத்தை மறுத்ததாகும். அதற்குப் பிறகு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நஷ்டஈடு மட்டும் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. எனவே போய்ப் பேசுங்கள், முடிந்தால் நேரிலேயே. கோலகங்சார் தூரமில்லை. வயதில் பெரியவர், திரும்பிப் போன லோரிக்கு முன்னால் அவமானப்பட்டு நின்றிருப்பார். பல வழக்குகளில் பணத்தைவிட அந்தக் கோபம்தான் நீதிமன்றம் வரை நடந்து வருகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் தவறை ஒத்துக்கொண்டு பேசினால் 5,000 என்ற எண்ணே மாறிவிடலாம்.

பேசி ஒரு வழி தெரிந்த பிறகு அதைச் செய்தியாக எழுதுங்கள். எழுதும்போது முதல் வரியில், இது சமரசத்துக்காக மட்டும், வித்தவுட் பிரெஜுடிஸ் என்று போடுங்கள். சமரசம் முறிந்தால் அந்தச் செய்தியை உங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்டாமல் தடுக்க அது உதவும். பிறகு இப்படி எழுதலாம்: “அண்ணே, சனிக்கிழமை நடந்ததுக்கு மன்னிச்சுக்குங்க. 12 கெனோப்பி, 40 மேசை, 300 நாற்காலி, 17,000 வெள்ளி. அன்னைக்கு லோரிக்கு நீங்க கொடுத்த 200-ஐக் கழிச்சு 16,800 தந்தா போதும். பணம் முழுசா, லோரி உங்களோடது. இதோட ரெண்டு பேருக்கும் பாக்கி எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி வரைக்கும் இந்தப் பேச்சு. சம்மதம்னா, சம்மதம்னு எழுதி அனுப்புங்க.”

எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று நீங்களே குறித்திருப்பதால், கட்டைவிரல் குறி வந்தால் அதன்மேல் சண்டை வராது. “சம்மதம்னா எழுதுங்கண்ணே” என்று திருப்பிக் கேட்கலாம். அவர் “16,500-ன்னா சரி” என்று எழுதினால் உங்கள் 16,800 போய்விட்டது என்று இப்போது உங்களுக்கே தெரியும். அதற்கு நீங்கள் ஒத்துக்கொண்டால் ஒழிய ஒப்பந்தம் இல்லை. “ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலா திங்கள் சொல்லலாமா?” என்று கேட்டால் அது வெறும் கேள்வி, பதில் சொல்லுங்கள், இந்த முறை மௌனமாக இருக்காதீர்கள். அவர் சம்மதம் எழுதிய பிறகுதான் ஈப்போக்காரரை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொல்லி, முன்பணத்தை அன்றே திருப்பிப் போட்டு, அந்த ரசீதைச் சேமித்து வையுங்கள். அண்ணன் பொருள் வேண்டாம், நஷ்டஈடுதான் வேண்டும் என்று நின்றால், பொருளை ஈப்போவுக்கே கொடுத்துவிட்டு, 1,700-ஐ எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று எழுதி அந்தத் தொகையைக் கொடுக்க முன்வாருங்கள்.

கைப்பேசியை மாற்றாதீர்கள், அந்தப் பேச்சில் இன்னும் எதையும் அழிக்காதீர்கள். இரண்டு பேச்சுகளையும் Export chat கொடுத்து முழுதாக எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். புதன் இரவு அழித்த அந்த ஒரு செய்தியைப் பற்றி யாராவது கேட்டால், 17,000 என்று எழுதியிருந்தேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் கையில் படம் இருக்கும்போது, உங்கள் வாயால் வரும் உண்மை உங்களைக் காப்பாற்றும்.